கண் மங்கும் முன்பே போனைப் பழக்குங்கள்

சனிக்கிழமை சம்பளம் அக்கவுண்டில் விழுந்துவிட்டதா என்று பார்க்க, போனை மூக்கு வரை கொண்டுபோகிறீர்களா? கான்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பீஸ் கணக்கில் எது 3, எது 8 என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்களா? அப்படியானால் இந்த இயல் உங்களுக்குத்தான். முழுதாகப் பார்வை போனவர்களுக்கு வேறு பயிற்சி முறைகள் இருக்கின்றன. இங்கே பேசப்போவது நடுவில் இருப்பவர்களைப் பற்றி. இன்னும் கொஞ்சம் தெரிகிறது, ஆனால் வருடா வருடம் குறைகிறது என்ற நிலையில் இருப்பவர்களைப் பற்றி.

அவிநாசிபாளையத்தில், திருப்பூர்–தாராபுரம் சாலையை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். 54 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. விழித்திரை பாதிக்கப்பட்டதால், பார்க்கிற இடத்தின் நடுப்பகுதி கலங்கித் தெரிகிறது. நூல் விட்ட இடமும் எண்ணெய்க் கறையும் கைக்குப் பழகியவை என்பதால் வேலையை எப்படியோ ஓட்டுகிறார். போன்தான் அவருக்குத் தகராறு. அவருடைய ஆண்ட்ராய்டு போனை ஒவ்வொரு படியாகத் தயார் செய்வோம். நீங்களும் கூடவே செய்து வாருங்கள்.

## தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

கண் மங்குவது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. போனை எப்படி மாற்றுவது என்பது அதைப் பொறுத்தது.

நடுப்பகுதி கலங்கி, ஓரம் தெரிந்தால் (சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு, வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையத் தேய்வு போன்றவை) எழுத்தைப் பெரிதாக்குவது பலன் தரும். ஓரம் இருண்டு நடு மட்டும் தெரிந்தால் கதை தலைகீழ். கண் நீர் அழுத்த நோயிலும் மாலைக்கண்ணில் தொடங்கும் பரம்பரை விழித்திரை நோயிலும் இப்படி ஆகும். சிறிய துளை வழியே பார்ப்பவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் ஒரு எழுத்துத்தான் அகப்படும், சொல் பிடிபடாது. இவர்கள் எழுத்தை மிதமாக வைத்துக்கொண்டு, கருப்பு வெள்ளைத் தெளிவை மட்டும் கூட்ட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ஆசையாக எழுத்தை முழுப் பெரிசுக்குத் தள்ளிவிடுவதும், அதனால் இவர்கள் போனையே தொடாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது.

உங்களுக்கு எது என்று தெரியவில்லையா? கண் மருத்துவரிடம், “நடுவில் போகிறதா, ஓரத்தில் போகிறதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கண்புரை மட்டும்தான் காரணம் என்றால் போனை மாற்ற வேண்டியதில்லை, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். திடீரென்று மின்னல் வெட்டுவது போல் தெரிந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குறிப்பு: போன் கம்பெனிக்குக் கம்பெனி மெனு இடம் மாறும். சாம்சங்கில் ஒரு இடம், ஷாவ்மியில் வேறு இடம். தேடி அலையாதீர்கள். Settings திறந்ததும் மேலே தெரியும் தேடும் பெட்டியில், நான் சொல்லும் பெயரை அப்படியே அடியுங்கள்.

## முதல் வேலை: தமிழ்க் குரல்

பெரும்பாலோர் எழுத்தைப் பெரிதாக்குவதில் தொடங்குகிறார்கள். குரலில் தொடங்கச் சொல்கிறேன். பின்னால் வரும் வாசிப்பு வசதிகள் எல்லாம் இந்தக் குரலை நம்பியே ஓடுகின்றன. குரல் சரியாக அமையாவிட்டால் தமிழ் எழுத்து வரும் இடத்தில் போன் ஊமையாகிவிடும். அதைக் கண்டு, “இதெல்லாம் இங்கிலீஷ்காரனுக்குத்தான்” என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

1. வீட்டு வைஃபையில் இருக்கும்போது பிளே ஸ்டோரில் Speech Recognition & Synthesis என்று தேடி, அப்டேட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.
2. Settings தேடல் பெட்டியில் Text-to-speech என்று அடித்துத் திறக்கவும்.
3. Preferred engine என்ற இடத்தில் Speech Recognition and Synthesis from Google தேர்ந்திருக்க வேண்டும்; சில போன்களில் பழைய பெயரான Speech Services by Google என்றே இருக்கும். வேறு கம்பெனியின் குரல் இருந்தால் மாற்றுங்கள்.
4. பக்கத்தில் பல்சக்கரப் படம் இருக்கும். அதைத் தொட்டு Install voice data போய், Tamil (India) இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு நெட் இல்லாத இடத்திலும் குரல் வேலை செய்யும்.
5. திரும்பி வந்து Language என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்க் குரல் இங்கிலீஷ் சொற்களையும் ஓரளவு நம்ம ஊர் உச்சரிப்பில் படித்துவிடும். இங்கிலீஷ் குரலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
6. Speech rate சற்று மெதுவாக இருக்கட்டும். காது பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் நீங்களே, “இவ்வளவு மெதுவாகவா பேசும்?” என்று கேட்பீர்கள்.

கவனிக்க: “naalaiku load varuthu” என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கப்பட்ட தமிழை எந்தக் குரலும் ஒழுங்காகப் படிக்காது. நம் ஊரில் பாதி மெசேஜ் இப்படித்தான் வருகிறது. இதற்குப் போனில் மருந்தில்லை. கான்ட்ராக்டரிடமும் பிள்ளைகளிடமும், “எனக்கு வாய்ஸ்ல அனுப்புங்க, இல்லாட்டி கீபோர்டு மைக்கைத் தொட்டுத் தமிழ்ல பேசி அனுப்புங்க” என்று சொல்லி வையுங்கள். கையால் எழுதிய டெலிவரி சலானின் போட்டோவும் அப்படித்தான். அச்சான தமிழைப் படிக்கக் கூகுள் லென்ஸ் உதவும், கையெழுத்தில் தடுமாறும்.

## எழுத்தின் அளவு

Display size and text என்று தேடித் திறந்தால் இரண்டு கோடுகள் தெரியும். Font size எழுத்தை மட்டும் பெரிதாக்கும். Display size எழுத்து, படம், பட்டன் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கடைசி வரை தள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் சில ஆப்களில் கீழே உள்ள “பணம் அனுப்பு” பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். மேலே தள்ளினாலும் வராது.

வரிசை இது: முதலில் Font size மட்டும் ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வங்கி ஆப்பைத் திறந்து, கடைசிப் பட்டன் வரை தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்து போதவில்லை என்றால்தான் Display size ஒரு படி கூட்டலாம்.

எந்த அளவு போதும்? தமிழ் படிப்பவருக்கு நல்ல சோதனை புள்ளிதான். எழுத்து மங்கும்போது முதலில் காணாமல் போவது மேலே வைக்கும் புள்ளி. அதற்கடுத்து கொம்பின் சுழி. யாரையாவது “எண்ணெய்க் கறை இல்லாத பீஸ், ரேட் கொஞ்சம் கூடக் கேட்கலாம்” என்று அனுப்பச் சொல்லுங்கள். கையை நீட்டிய தூரத்தில் போனை வைத்து, ஒவ்வொரு புள்ளியும், “கொ”வும் “கே”வும் பிரிந்து தெரிந்தால் அந்த அளவு போதும். ஊகித்துப் படித்தீர்கள் என்றால் போதாது. எண்ணுக்கு 3, 8, 6, 5 ஆகியவற்றைக் கலந்து ஒரு தொகை அனுப்பச் சொல்லுங்கள். சொல்லை ஊகிக்கலாம், தொகையை ஊகிக்கக் கூடாது.

வாட்ஸ்அப்புக்குத் தனி அளவு உண்டு. அதற்குள்ளே Settings, Chats, Font size என்று போய் Large வையுங்கள். இதை மறந்துவிட்டு, “போன் எழுத்து பெரிசு, வாட்ஸ்அப் மட்டும் சிறிசு” என்று குழம்புகிறவர்கள் அதிகம்.

மறுபடி போனின் Display size and text திரைக்கு வாருங்கள். அங்கே Bold text, High contrast text இருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். புதிய ஆண்ட்ராய்டில் இரண்டாவதன் பெயர் Outline text என்று மாறியிருக்கலாம். அடுத்தது Dark theme: கருப்புத் தரையில் வெள்ளை எழுத்து. வெளிச்சம் பட்டாலே கண் கூசுகிறவர்களுக்கும், ஓரப் பார்வை போனவர்களுக்கும் இது ஒத்துவரும். சிலருக்கு வெள்ளைத் தரைதான் சரிப்படும். பகல் வெயிலில் ஒரு முறை, கம்பெனி டியூப்லைட்டில் ஒரு முறை, ராத்திரி படுக்கையில் ஒரு முறை பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்தால் மறுநாளே மாற்ற வேண்டி வரும்.

திரை சீக்கிரம் அணைந்துவிடுவதும் ஒரு தொல்லை. மெதுவாகப் படிக்கும்போது பாதியில் இருண்டுவிடும். Screen timeout தேடி இரண்டு நிமிடம் வையுங்கள்.

## உருப்பெருக்கி

Magnification என்று தேடுங்கள். திரையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இது. ரயில் டிக்கெட்டில் உள்ள பெட்டி எண், மருந்துச் சீட்டுப் போட்டோ, ஆப்களில் வரும் பொடி எழுத்து ஆகியவற்றுக்கு உதவும்.

இதைத் திறக்க Triple tap என்ற வழியும் உண்டு, அதாவது திரையை மூன்று தடவை தட்டுவது. அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டயல் செய்யும்போது 444 என்று வரும் நம்பரை வேகமாக அடித்தால் போன் திடீரென்று பெரிதாகி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும். Accessibility button என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை ஓரத்தில் ஒரு சின்னம் நிற்கும். தேவைப்படும்போது அதைத் தொட்டுவிட்டு, பார்க்க வேண்டிய இடத்தைத் தட்டுங்கள். இரண்டு விரலால் இழுத்தால் படம் நகரும். மறுபடி அந்தச் சின்னத்தைத் தொட்டால் பழையபடி ஆகும்.

நம் செக்கிங் பார்ப்பவருக்கு இது இரண்டாம் பட்சம். அவருக்குக் கலங்கல் நடுவில் இருப்பதால், பெரிதாக்கியும் தலையைக் கொஞ்சம் திருப்பி ஓரத்தால் படிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கண் சோர்ந்துவிடும். அவருக்கு உண்மையில் வேலையைக் குறைத்தது அடுத்தது.

## தொட்டதை மட்டும் படிக்கச் சொல்வது

Select to Speak என்று தேடித் திறந்து, அதன் ஷார்ட்கட்டைப் போட்டுவிடுங்கள். திரை ஓரத்தில் சின்னம் நிற்கும்.

1. மெசேஜ் திறந்திருக்கும்போது அந்தச் சின்னத்தைத் தொடுங்கள்.
2. படிக்க வேண்டிய வரியைத் தொடுங்கள். பல வரிகள் என்றால் அவற்றின் மேல் விரலை இழுத்துப் பெட்டி போடுங்கள்.
3. குரல் படிக்கும். நிறுத்தவும் வேகம் மாற்றவும் சிறு பட்டன்கள் தெரியும்.

இதில் போனின் மற்ற எதுவும் மாறாது. வழக்கம் போல் ஒரு தட்டில் திறக்கலாம், விரலால் தள்ளலாம். பார்வை இன்னும் இருக்கிறவர்கள் அதிக காலம் இதிலேயே ஓட்டிவிடலாம். பவர் டேபிள் ஓடும் இடத்தில் ஸ்பீக்கர் கேட்காது என்பதால் இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு காதில் மட்டும். ஃபோர்க்லிஃப்ட்டும் ஆட்டோவும் வரும் இடத்தில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

## டாக்பேக்: இப்போதே பழக வேண்டியது

டாக்பேக் என்பது முழுத் திரை வாசிப்பான். இதைப் போட்டால் திரையில் உள்ள எல்லாமே குரலாகிவிடும். 2009-இல் ஆண்ட்ராய்டில் வந்தது. அந்தக் காலத்தில் கூகுளில் இந்த வேலையை முன்னெடுத்தவர்களில் ஒருவர் டி.வி. ராமன். பதினான்கு வயதில் கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர். தனக்கே தேவைப்பட்டதால் எது அவசியம் என்று தெரிந்து செய்தவர்களின் கை இதில் இருக்கிறது.

கண் தெரியும்போதே இதை ஏன் பழக வேண்டும்? டாக்பேக் போட்டதும் போனின் பழக்கமெல்லாம் மாறிவிடும். ஒரு தட்டில் எதுவும் திறக்காது. கண்ணும் இல்லாமல் பழக்கமும் இல்லாமல் அதைச் சந்தித்தால் போன் கெட்டுப்போனது போலத் தோன்றும். கொஞ்சமாவது தெரியும்போது, குரலும் கண்ணும் சேர்ந்து விரலுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

முதலில் அணைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். Settings-இல் TalkBack தேடி, அதன் TalkBack shortcut என்பதில் Volume keys தேர்ந்தெடுங்கள். பிறகு சத்தம் கூட்டும் பட்டன், குறைக்கும் பட்டன் இரண்டையும் ஒன்றாக மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் வரும். மறுபடி அழுத்தினால் போகும். முதல் தடவை ஒரு கேள்வி கேட்கும், சரி என்று சொல்லுங்கள். இதைச் சில தடவை செய்து பார்த்த பிறகே மேலே போகவும். சட்டைப் பையில் தானாக அழுந்தி டாக்பேக் வந்துவிட, போன் கெட்டது என்று செல்போன் கடையில் கொடுத்து, எல்லா நம்பரும் அழியும்படி ரீசெட் செய்துகொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய விரல் அசைவுகள் இவ்வளவுதான்:

1. ஒரு விரலால் தொட்டால், அங்கே என்ன இருக்கிறது என்று படிக்கும். அதைச் சுற்றி ஒரு பெட்டியும் தெரியும்.
2. ஒரு விரலால் வலப்பக்கம் விசிறினால் அடுத்தது, இடப்பக்கம் விசிறினால் முந்தையது.
3. படித்ததைத் திறக்க, திரையில் எங்கு வேண்டுமானாலும் இரண்டு தடவை தட்டவும்.
4. பக்கத்தை நகர்த்த, இரண்டு விரலால் தள்ளவும்.
5. போன் வந்தால் இரண்டு விரலால் இரண்டு தடவை தட்டினால் எடுக்கும். பேசி முடித்ததும் அதையே செய்தால் வைத்துவிடும்.
6. கீழே இழுத்து அப்படியே இடப்பக்கம் திருப்பினால் பின்னுக்குப் போகும். மேலே இழுத்து இடப்பக்கம் திருப்பினால் முகப்புத் திரைக்கு வரும்.

முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். வேறு எதையும் தொடாமல் ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள். நம் செக்கிங் பார்ப்பவர் எடுத்துக்கொண்டது, கான்ட்ராக்டர் மெசேஜைக் கேட்டுப் பதில் சொல்வது.

முகப்புத் திரையில் விரலை மெதுவாக நகர்த்துகிறார். “வாட்ஸ்அப்” என்று கேட்டதும் விரலை எடுத்துவிட்டு இரண்டு தடவை தட்டுகிறார். பட்டியல் திறக்கிறது. வலப்பக்கம் விசிறிக்கொண்டே போனால் ஒவ்வொரு பெயரும், படிக்காத மெசேஜ் எத்தனை என்பதும் கேட்கிறது. கான்ட்ராக்டர் பெயர் வந்ததும் மறுபடி இரண்டு தட்டு. கடைசி மெசேஜில் விரலை வைத்ததும், “நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருங்க, லோடு போகணும்” என்று படிக்கிறது. பதில் வாய்ஸில்தான். கீழே வலது மூலையில் உள்ள மைக்கைத் தொட்டுக் கேட்டுவிட்டு, இரண்டு தடவை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி பேசுகிறார். விரலை எடுத்ததும் போய்விடுகிறது.

அவர் முதலில் சிக்கியது எல்லோரும் சிக்கும் இடத்தில்தான். ஒரே தட்டில் திறக்கவில்லை என்று எரிச்சலாகி, வேகவேகமாகத் தட்டியதில் வேறு ஏதோ திறந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மகள் சொன்னது: “அப்பா, ஒருக்கா தொட்டா படிக்கும். அது படிச்சு முடிச்ச பிறவு ரெண்டு தட்டுங்க. படிச்சு முடிக்கிறதுக்கு முந்தி தட்டாதீங்க.” கேட்ட பிறகு தட்டுவது என்பது கைக்கு வர நாளாகும். இரண்டு தட்டுக்கு நடுவே அதிக இடைவெளி விட்டாலும் திறக்காது, கதவைத் தட்டும் வேகம் இருந்தால் சரி.

லாக் போட பேட்டர்ன் வேண்டாம், டாக்பேக்கில் கோடு இழுப்பது கஷ்டம். நான்கு அல்லது ஆறு இலக்க நம்பரும் கைரேகையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை VoiceOver செய்யும். Settings, Accessibility, Accessibility Shortcut போய் VoiceOver தேர்ந்தெடுத்தால், பக்கவாட்டுப் பட்டனை மூன்று தடவை அழுத்தி வரவும் போகவும் செய்யலாம். விசிறுவதும் இரண்டு தட்டும் அதிலும் அதேதான்.

## பணமும் பாதுகாப்பும்

இந்த வசதிகளுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. Accessibility அனுமதி பெற்ற ஆப்பால் திரையில் வருவதையெல்லாம் படிக்க முடியும், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்த முடியும். டாக்பேக்குக்கு அது தேவை. திருட்டு ஆப்புக்கும் அதுதான் தேவை. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் அபராதம் என்றும் வரும், .apk என்று முடியும் பைல்கள் இந்த அனுமதியைத்தான் கேட்கின்றன.

1. Accessibility பக்கத்தில் Downloaded apps அல்லது Installed apps என்ற தலைப்பைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஆப் அங்கே On என்று இருந்தால் அணைத்து, ஆப்பையே நீக்கிவிடுங்கள். மாதம் ஒரு முறை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம்.
2. “கண் தெரியாதவங்களுக்கு உதவி பண்றோம், இந்த ஆப்பை ஏத்துங்க” என்று போனில் யார் சொன்னாலும் திரையைப் பகிரும் ஆப்களைப் போடாதீர்கள்.
3. யு.பி.ஐ. பின்னைக் குரல் சொல்லும் இடத்தில் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பேக்கரியிலும் பஸ்ஸிலும் எண்ணெல்லாம் வெளியே கேட்கும்.
4. பின் போடும் முன், தொகையையும் பெயரையும் ஒரு தடவை தொட்டுக் கேளுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. “பணம் அனுப்புறோம், பின் போடுங்க” என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள்.
5. பக்கத்தில் நிற்பவர் திரையைப் பார்க்கக் கூடாது என்றால், மூன்று விரலால் ஒரு தடவை தட்டி டாக்பேக் மெனுவைத் திறந்து Hide screen தேர்ந்தெடுங்கள். திரை கருப்பாகிவிடும், குரல் மட்டும் ஓடும். இந்தப் பெயர் இல்லாவிட்டால் Dim screen என்று இருக்கும்.

சில்லறைக்கு நோட்டு வாங்கும்போது குழப்பம் என்றால், ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் கொண்டுவந்த MANI ஆப்பை இறக்கி வையுங்கள். கேமராவில் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், நெட் தேவையில்லை. கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

அக்கவுண்டில் இருந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால், யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், அடுத்து வங்கிக்கும் சொல்லுங்கள். இந்த எண்ணை இப்போதே போனில் “அவசரம்” என்ற பெயரில் சேமித்து வைத்தால், டாக்பேக்கில் பட்டியலைத் துழாவும்போது எளிதில் கிடைக்கும்.